ஒரு கடலுக்கு உண்மையில் எவ்வளவு செலவு? (ஃபைபர் படகு, நாலு ஆள், செவுள் வலை)

வளைகுடா மச்சான், 2025 பிப்ரவரி 9

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், நாகைக்கு வடக்கே. மாமாவிடம் ஃபைபர் படகு இருக்கிறது. நேற்றுக் கரையில் நின்று கணக்குப் போட்டேன். டீசல் 15 லிட்டர் 1,400, ஐஸ் 140, சாப்பாடு டீ 250. ஆக 1,800க்குள் செலவு. மீன் 7,000க்கு ஏலம் போனது. ஒரு நாளைக்கு 5,200 லாபம், 300 நாள் போட்டால் 15,60,000. மாமாவோ கையில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறார். என்னிடம் நாலு லட்சம் இருக்கிறது, நானே ஒரு படகு வாங்கி விடலாமா?

கரையேறி, பிப்ரவரி 9, இரவு

300 நாளா! முதலில் அதைக் கீழே வையுங்கள். எங்கள் படகு போன வருஷம் 170 முறைதான் கடலுக்குப் போனது. ஐப்பசி கார்த்திகையில் காற்று, எச்சரிக்கை, நடுவில் எஞ்சின் படுத்தது, ஊரில் சாவு, கோயில் திருவிழா, ஆள் வராத நாள். 170 என்பதே எங்களுக்கு நல்ல வருஷம்.

படகு அப்பாவுடையது, நான் கரையில் நோட்டு எழுதுகிறவன். நீங்கள் எழுதியது பொதுச் செலவு மட்டும், அன்றே கையில் இருந்து போகும் காசு. அதில் ஆள் பங்கு இல்லை, வலை இல்லை, எஞ்சின் தேய்மானம் இல்லை. நாளை முழுக் கணக்கு எழுதுகிறேன். இப்போது தூக்கம், மூன்று மணிக்குப் படகு தள்ள ஆள் எழுப்ப வேண்டும்.

தூத்துக்குடி வள்ளம், பிப்ரவரி 10

15 லிட்டரா? எங்கள் பக்கம் விசைப்படகில் ஒரு நடைக்கு நூற்றுக்கணக்கில் லிட்டர் போகும் தம்பி. டீசலே பாதியைத் தின்றுவிடும். வலை எல்லாம் ஒரு செலவே இல்லை.

கரையேறி, பிப்ரவரி 10

அண்ணே, நீங்கள் சொல்வது இழுவை மடி, எஞ்சின் முழு நேரமும் வலையை இழுத்துக்கொண்டே ஓடும். இது செவுள் வலை. போய்ப் போட்டுவிட்டு எஞ்சினை அணைத்து உட்கார்ந்திருப்போம். இரண்டு கணக்கும் ஒன்றாகாது. விசைப்படகில் டீசல்தான் ராஜா, எங்களுக்கு வலைதான்.

சரி, முழுக் கணக்கு. மச்சான் சொன்ன அதே 7,000 ரூபாய் நாளை எடுத்துக்கொள்கிறேன்.

டீசல் எங்களுக்கு 10 லிட்டர்தான். பத்து ஹெச்.பி. எஞ்சின், போக வர இரண்டு இரண்டு மணி நேரம், நடுவில் வலை எடுக்கும்போது ஒரு மணி நேரம், ஆக ஐந்து மணி. மணிக்கு இரண்டு லிட்டர். 93 ரூபாய் வீதம் 930. ஐஸ் ஒரு பாளம் 140, சாப்பாடு தண்ணீர் வெற்றிலை எல்லாம் சேர்த்து 240. பொதுச் செலவு 1,310.

7,000இல் ஏலக்காரருக்கு நூற்றுக்கு ஐந்து, அதாவது 350 போய் 6,650. அதில் 1,310 கழித்தால் 5,340. இதுதான் பங்குக்கு வரும் பணம். எங்கள் ஊர்ப் பங்கு ஆறு: நாலு ஆளுக்கு நாலு, படகு எஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. பங்குக்கு 890.

அப்பாவும் கடலுக்குப் போகிறார், அதனால் அவர் கையில் மூன்று பங்கு வரும், 2,670. மச்சான் பார்த்த 5,200இல் இதுதான் மாமாவுக்கு. பாதி. ஆனால் இதிலும் ஆள் பங்கு 890 மட்டும்தான் அவருடைய கூலி. மற்ற இரண்டும் படகுக்கும் வலைக்கும் போக வேண்டிய காசு, அவரிடம் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் அப்பா இதை இருபது வருஷமாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

வாடைக்காற்று, பிப்ரவரி 10

நான் முப்பது வருஷம் ஓட்டினவன். கணக்கு சரி. ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஆள் பங்கைச் செலவு என்று எழுதாதே. செலவு என்றால் மீன்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். பங்கு அப்படி இல்லை, மீன் வந்தால்தான். அதனால்தான் இந்தத் தொழில் செத்துப் போகாமல் இருக்கிறது. ஆளுக்கு 700 தினக்கூலி என்று வைத்துப் பார், பாதிப் படகு கரையேறிவிடும்.

கரையேறி, பிப்ரவரி 11

பெரியவர் சொன்னது சரிதான், நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். அப்படிப் பார்த்தால் ‘ஒரு கடலுக்கு எவ்வளவு செலவு’ என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. 1,310 கட்டாயம். அதற்கு மேல் ஆளுக்குப் போவது மீன்பாட்டைப் பொறுத்தது.

இப்போது வலை. போன வருஷ நோட்டைத் தேடி எடுத்தேன், பாதிப் பக்கத்தில் உப்புத் தண்ணீர். புது வலைப்பீஸ், கயிறு, மிதவை, ஈயம் எல்லாம் சேர்த்து 62,000. வெளியாள் வைத்து வலை கட்டவும் பொத்தவும் 24,000. நூல் சில்லறை 4,000. ஆக 90,000. 170ஆல் வகுத்தால் ஒரு கடலுக்கு 529 ரூபாய்.

அன்றைக்கன்று பார்த்தால் இந்த 529 கண்ணில் படவே படாது. பத்து நாள் வலைக்கு ஐந்து பைசா செலவிருக்காது, பதினோராம் நாள் 14,000 ஒரே அடியாக வரும். வலைப் பங்கை அதுவரை தனியாக எடுத்து வைத்திருந்தால் சமாளிக்கலாம். எடுத்து வைக்காதவன் அந்த 14,000க்கு ஏலக்காரரிடம் போகிறான்.

படகு எஞ்சினுக்கும் அதேபோல். எஞ்சின் 1,20,000, ஐந்து வருஷம் என்று வைத்தால் வருஷம் 24,000. கூடு 2,80,000, பன்னிரண்டு வருஷம், வருஷத்துக்கு 23,300 சொச்சம். ரிப்பேர், விசிறி, தண்டு, ஃபைபர் ஒட்டு, பெயிண்ட் 30,000. கூட்டி வகுத்தால் கடலுக்கு 455.

ஆக முதலாளிக்கு மட்டும் தனியாக விழும் செலவு 529 + 455 = 984. இரண்டு பங்கில் இது வர வேண்டும் என்றால் பங்கு 492 விழ வேண்டும். பின்னோக்கிப் போனால் ஏலம் ஏறக்குறைய 4,490. எங்கள் வருஷச் சராசரி 4,500! அதனால்தான் நாங்கள் கடனும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் ஒரே இடத்தில் மிதக்கிறோம். அப்பா படகு முதலாளி என்று பேர். கணக்குப்படி அவரும் தன் படகில் ஒரு கூலி ஆள்தான்.

மச்சானுக்கு நேரடிப் பதில்: நீங்கள் கடலுக்குப் போகாமல் படகு மட்டும் வாங்கினால் அந்த ஒரு ஆள் பங்கும் கிடையாது. நாலு லட்சம் போட்டு வருஷக் கடைசியில் பூஜ்யம்.

வளைகுடா மச்சான், பிப்ரவரி 11

மாமாவிடம் இதைக் காட்டினேன். ‘யாருடா இவன், என் வீட்டு நோட்டை எடுத்து எழுதியிருக்கிறான்’ என்றார். சரி, ஒரு யோசனை. ஒரு நாள் கடல்தானே, ஐஸ் எதற்கு? 140 மிச்சம்.

கரையேறி, பிப்ரவரி 12

நண்டு வலைக்குப் போனால் ஐஸ் வேண்டாம், உயிரோடு வரும், ஈரச்சாக்கு போட்டு மூடினால் போதும். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. காணாங்கெளுத்தி, மத்தி பட்ட நாளில் ஐஸ் இல்லாமல் வந்து பாருங்கள். ஆறு மணிக்கு வலையில் இருந்து கழற்றிய மீன் பத்து மணிக்குக் கரைக்கு வரும்போது வயிறு மெத்தென்று அமுங்கும், கண் வெளுக்கும். ஏலத்தில் ஒரு அம்மா விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றால் அவ்வளவுதான், கூடைக்கு 200 குறையும்.

எவ்வளவு ஐஸ் என்றால், முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் போதும். 40 கிலோ மீனுக்குப் பதின்மூன்று பதினான்கு கிலோ. பிறகு ஏன் ஐம்பது கிலோப் பாளம்? நாங்கள் இரண்டு மணிக்கு வாங்கி உடைத்துப் பெட்டியில் போடுகிறோம். மீன் ஏறுவதற்குள் வழியிலேயே கால்வாசிக்கு மேல் தண்ணீராகிவிடும். தெர்மாகோல் பெட்டி மூடி உடைந்திருந்தால் பாதி. போன சித்திரையில் மூடிக்குப் பதில் கோணி போட்டு ஓட்டினோம், அந்த மாதம் நாலு நாள் பாளம் போதாமல் போனது. 600 ரூபாய்ப் பெட்டிக்குக் கஞ்சத்தனம் பட்டது எங்கள் வீட்டு முட்டாள்தனம், அதில் என் கையும் உண்டு.

ஏலக்கூடை, பிப்ரவரி 14

எங்கள் அம்மா கரையில் மீன் எடுத்து விற்பவர், அப்பாவுக்குப் படகு இருக்கிறது. இரண்டு பக்கக் கணக்கும் பார்த்து வளர்ந்தவள் என்பதால் கேட்கிறேன். கறிமீன் எங்கே? ஏலத்துக்கு முன்னால் நாலு பேரும் ஆளுக்கு ஒரு பை எடுத்துப் போவதை நீங்கள் எழுதவே இல்லை. அது 150 ரூபாய் பெறும். நாலு பேருக்கு 600.

இன்னொன்று, வலை பொத்த வெளியாளுக்குக் கொடுத்த 24,000 மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா சும்மாவா இருக்கிறார்? எங்கள் வீட்டில் அப்பாவும் தாத்தாவும் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வரை வலையோடுதான். அதற்கு யாரும் காசு எழுதுவதில்லை.

கரையேறி, பிப்ரவரி 14, இரவு

சரியான அடி. இரண்டையும் விட்டுவிட்டேன்.

கறிமீனைச் சேர்த்தால் எங்கள் சராசரி 4,500 இல்லை, 5,100. ஆள் கையில் பங்கு 494ம் மீன் 150ம். ஆனால் அந்த 600க்கு ஏலக்காரர் கழிவும் இல்லை, படகு வலைப் பங்கும் இல்லை. நாலு பேரும் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள், வலைக்கு அதில் ஒரு செதில்கூட வராது.

வீட்டு வேலைக்கு: அப்பா வாரம் இரண்டு அரை நாள். அரை நாள் 350 என்று வைத்து, வருஷம் 45 வாரம். 31,500. கடலுக்கு 185. வலைச் செலவு 529 இல்லை, 714 ஆகிறது. அப்போது முதலாளி தப்ப ஏலம் 5,070 வர வேண்டும். எங்கள் ஏலச் சராசரி 4,500தான், அதற்குக் கீழே. அதாவது அப்பா தன் வலை வேலைக்குக் கூலியே வாங்காததால்தான் படகு மிதக்கிறது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வாடைக்காற்று, பிப்ரவரி 15

எங்கள் ஊரில் பங்கு வாங்குகிறவன் வலையும் பொத்த வேண்டும். கரைக்கு வந்ததும் மீன் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் கிழிசல் பார்த்துவிட்டுத்தான் வீடு. அதைத் தனிக் கூலி என்று எழுதுவது புதுப் பழக்கம்.

கரையேறி, பிப்ரவரி 23

ஒரு வாரமாக எழுதவில்லை, காரணம் வலை. பேத்தை மீன் கூட்டமாக வந்து கடித்துப் போட்டுவிட்டது. அதன் பல் கத்தரி மாதிரி, வட்டமாகக் கையளவு ஓட்டை விழும். முப்பது பீஸில் ஏழு போனது.

எப்படி முடிவு செய்வது என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். வலையை இரண்டு கம்புக்கு நடுவே தொங்கவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கிறோம். ஓட்டை இருக்கும் இடத்தில் மேல்கயிற்றில் நீல நூல் ஒரு முடிச்சு. ஒரு பீஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பொத்துவது வீண், கயிறு மிதவை ஈயத்தைக் கழற்றிக்கொண்டு புதுப் பீஸ் கட்டுவதுதான் மலிவு. குறைவாக இருந்தால் ஓட்டையைச் சுற்றிப் பிய்ந்த கண்ணிகளை வெட்டி எடுத்து ஓரத்தை நேராக்க வேண்டும். இங்கேதான் சின்னப் பையன்கள் தப்பு செய்கிறார்கள், கிழிசல் ஓரத்திலேயே ஊசியை ஓட்டி இழுத்து மூடிவிடுவார்கள். பார்க்க மூடியிருக்கும், ஆனால் கண்ணி அளவு சுருங்கி அந்த இடம் இறுகி நிற்கும், தண்ணீரில் வலை அங்கே மட்டும் முறுக்கிக்கொள்ளும், மீன் அதில் படாது. அப்பா பொத்தினால் எது பழைய கண்ணி எது புதியது என்று தேட வேண்டும்.

ஒற்றை இழைத் தங்கூசி வலைக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அது வழுக்கும், முடிச்சு நிற்காது, நண்டைக் கழற்றும்போதே கிழியும். பெரும்பாலும் ஓட்டையோடு போட்டுவிட்டு ஒரு பருவம் முடிந்ததும் புதுசு. அதைப் பொத்துகிறேன் என்று நேரம் செலவழித்தால் கூலிதான் நஷ்டம்.

ஏழில் மூன்று புதுசு, நாலு பொத்தியாயிற்று. 11,400.

தூத்துக்குடி வள்ளம், பிப்ரவரி 24

வலை செலவே இல்லை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

கரையேறி, மார்ச் 6

டீசலில் ஒரு திருத்தம். நான் 10 லிட்டர் என்று அடித்துச் சொன்னேன். நோட்டில் மாசித் தொடக்கத்தில் இருந்து 13, 13, 12, 13 என்று இருக்கிறது. நீரோட்டம் எதிரே இருந்தால் ஒன்றிரண்டு லிட்டர் ஏறும், ஆனால் தினமுமா? கேனில் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பது எங்கள் பழக்கம், போகும்போது எத்தனை விரற்கடை, வரும்போது எத்தனை. குச்சி பொய் சொல்லாது. அப்பா எஞ்சின் கறுப்புப் புகை விடுகிறது, இழுவை இல்லை என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் இன்ஜெக்டர் நாசில் தூறலாகத் தெளிக்காமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. மாற்றியதும் திரும்ப 10. மூன்று லிட்டர் என்றால் நாளைக்கு 279. பதினைந்து நாள் கடலுக்கு 4,000க்கு மேல் புகையாகப் போனது. மச்சான் சொன்ன 15 லிட்டரை மாமா எஞ்சினில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

ஏலக்கூடை, மார்ச் 7

93க்கு ஏன் வாங்குகிறீர்கள்? நாட்டுப்படகுக்கு வரி இல்லாத டீசல் வருஷத்துக்கு 4,400 லிட்டர் உண்டே. உங்களுக்கு 1,700தான் ஆகிறது.

கரையேறி, மார்ச் 7

ஆமாம், வாங்குகிறோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நோட்டில் 93 என்றுதான் எழுதுகிறோம். எங்களுக்கு 76க்கு விழுகிறது. பத்து லிட்டருக்கு 170 வித்தியாசம். அப்பா சொல்வது: பங்க் தூரம், பதிவு என் பேரில், அலைவது நான், அந்தச் சலுகை படகுக்குத்தான். ஆள்கள் சொல்வது: 930 என்று கழித்துவிட்டு 760 கொடுத்தால் எங்கள் பங்கில் ஆளுக்கு 28 ரூபாய் எடுக்கிறீர்கள். மூன்று ஆளுக்கு 85. வருஷத்துக்கு 14,000க்கு மேல்.

எனக்கு ஆள்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், அந்த 170ஐ முழுக்கக் கொடுத்துப் பொதுவில் வைத்தால் முதலாளி இன்னும் கீழே போகிறார். கூலி வாங்காத வலை வேலையின் 185ஐயும் இந்த 170ஐயும் அருகருகே வைத்தால் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. அப்பா இந்தக் கணக்கு எதுவும் போடாமலே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

வாடைக்காற்று, மார்ச் 8

அப்படியானால் வெளிப்படையாகச் சொல்லி எடுக்க வேண்டும். வலைக் கூலி 185 என்று எழுதிக் கழி, டீசலை 76 என்று எழுது. மறைத்து எடுத்தால் ஒரு நாள் ஆள் படகு மாறிவிடுவான்.

நஷ்ட நாளுக்கு உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

கரையேறி, மார்ச் 9

அதுவும் சண்டைதான். தை மாதம் ஒரு நாள் வலை முழுக்கச் சொறி எனும் ஜெல்லி மீன். தூக்கவே நாலு பேர் போதவில்லை, கையெல்லாம் அரிப்பு. மீன் 900க்கு. 45 கழிவு போக 855, பொதுச் செலவு 1,310. பங்கு இல்லை, 455 பற்றாக்குறை. எங்கள் ஊரில் அதை அடுத்த கடலின் தலையில் ஏற்றி முதலில் கழிப்போம். மறுநாள் ஒருவன் வரவில்லை, அவனுக்குப் பதில் அவன் மைத்துனன் வந்தான். முந்தின நாள் வீட்டில் தூங்கினவன் பங்கில் சொறி நாளின் நஷ்டம் கழிந்தது. அவன் கேட்டான்: ‘நேற்று நான் சொறிந்துகொள்ளவும் இல்லையே, எனக்கு எதற்கு?’ பதில் யாரிடமும் இல்லை. அப்பா தன் பங்கில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

வாடைக்காற்று, மார்ச் 9

எங்களிடம் முதலாளிதான் தாங்க வேண்டும்.

வளைகுடா மச்சான், மார்ச் 20

திரும்பி வந்துவிட்டேன். படகு வாங்கவில்லை. ஆனால் மாமா ஏலக்காரரிடம் வாங்கிய கடன் 80,000, அதனால் நூற்றுக்கு எட்டுக் கழிவு, வேறு ஆளிடம் மீன் கொடுக்கவும் முடியாது என்று கிளம்பும்போதுதான் சொன்னார். அதை அடைத்துவிடலாமா?

கரையேறி, மார்ச் 20

மாமா ஆண்டுக்கு எவ்வளவு விற்கிறார் என்று தெரியாது, எங்கள் அளவு என்று வைக்கிறேன். 4,500 × 170 = 7,65,000. எட்டுக்கும் ஐந்துக்கும் இடையே மூன்று சதம், 22,950. அது பொதுவில் இருந்து போவதால் பாதி மாமாவுக்கு, பாதி ஆள்களுக்கு. வேறு ஆளிடம் விற்க முடிந்தால் விலை ஏறுவது தனி, அது இதைவிடப் பெரிதாகவே இருக்கலாம். 80,000க்கு இது மோசமான முதலீடு இல்லை. ஆனால் அடைத்த பிறகு பேத்தை வந்து ஏழு பீஸைக் கடித்தால் மாமா யாரிடம் போவார்? ஏலக்காரர் இரவு பத்து மணிக்கும் கொடுப்பார், நீங்கள் போன் எடுப்பீர்களா?

கரையேறி, ஏப்ரல் 27

தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் கரையில் விலை நன்றாக இருக்கிறது. பத்து நாளில் ஒன்பது கடல், சராசரி 6,200. வலைப் பங்கை இந்த முறை தனி டப்பாவில் போட்டேன், டீசலை 76 என்றே எழுதி, வலைக் கூலி 185 என்று தனி வரி போட்டேன். ஆள்களில் மூத்தவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, ‘185தானா?’ என்றார்.